காய்ச்சல் விட்ட பிறகும் விடாத மூட்டுவலி

சிக்குன்குனியாவில் காய்ச்சல் வந்த வேகத்திலேயே போய்விடும். ஏடிஸ் கொசு கடித்து நான்கு முதல் எட்டு நாட்களில் திடீரென்று உடம்பு அனலாகக் கொதிக்கும். மூன்று நாள், ஐந்து நாள், அதிகம் போனால் ஒரு வாரம், அதற்குள் காய்ச்சல் விட்டிருக்கும். மூட்டுவலிக்கு அந்த ஒழுங்கு கிடையாது. காய்ச்சலோடு சேர்ந்து வரும் அந்த வலி, காய்ச்சல் போன பிறகும் வாரக்கணக்கில் தங்கிவிடுகிறது. சிலருக்கு மாதக்கணக்கில். நோயாளிகளை இந்த நோய் உண்மையில் சோதிப்பது இந்த இரண்டாம் கட்டத்தில்தான். மருந்துக்கடைகளில் தவறான மாத்திரைகள் கைமாறுவதும், போக வேண்டிய நேரத்தில் மருத்துவரிடம் போகாமல் இருப்பதும் இந்தக் கட்டத்தில்தான்.

இந்தியாவுக்கு இந்த நோய் புதிதல்ல. 1963-இல் கல்கத்தாவிலும், 1964-இல் சென்னையிலும் வேலூரிலும் பரவியது. 1973-க்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஏறக்குறைய மறைந்தே கிடந்தது. 2005-ஆம் ஆண்டு இறுதியில் திரும்பி வந்து, 2006-இல் மட்டும் நாடு முழுவதும் பதின்மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பிடித்தது. தமிழ் வம்சாவளியினர் பெருமளவில் வாழும் ரெயூனியன் தீவில் 2005-06-இல் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினருக்கு இந்தக் காய்ச்சல் வந்தது. நீடிக்கும் மூட்டுவலியைப் பற்றி மருத்துவ உலகம் இன்று அறிந்திருப்பதில் கணிசமான பகுதி அந்தத் தீவின் நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்ததால் கிடைத்தது.

வலி எங்கே, எப்படி

சிக்குன்குனியா வலி பெரும்பாலும் கை, கால்களின் நுனிப்பக்கத்து மூட்டுகளில் உட்காரும். கணுக்கால், மணிக்கட்டு, விரல் கணுக்கள் முதலிடம். முழங்காலும் தோளும் அடுத்தபடி. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வலிப்பது இதன் வழக்கம்: வலது மணிக்கட்டு வலித்தால் இடதும் வலிக்கும். மூட்டோடு நிற்காமல் மூட்டை ஒட்டிய தசைநாண்களையும் அவற்றின் உறைகளையும் அழற்சி பிடிப்பதுண்டு. காலையில் கட்டிலை விட்டு இறங்கிக் காலைத் தரையில் வைத்ததும் குதிகாலில் சுரீரென்று இழுப்பது அதனால்தான். ஏற்கெனவே அடிபட்டோ தேய்ந்தோ இருந்த மூட்டில் வலி கூடுதலாக நிற்கும். பத்து வருடத்துக்கு முன் சுளுக்கிய கணுக்கால்கூட இப்போது தன் இருப்பைக் காட்டும்.

காலை நேரம்தான் மோசமான நேரம். தூங்கி எழுந்ததும் விரல்கள் மடங்காது. பல் துலக்கப் பிரஷ்ஷைப் பிடிக்க முடியாது, குழாயைத் திருக முடியாது, ரவிக்கைக் கொக்கியை மாட்ட முடியாது, ஈரத்துணியைப் பிழிய முடியாது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கை கொடுக்க ஆள் வேண்டும். கொஞ்சம் நடமாடிய பிறகு, வெந்நீரில் குளித்த பிறகு, பிடிப்பு மெல்ல விடும். மத்தியானத்துக்குள் ஓரளவு சமாளிக்கலாம் என்றாகி, அந்தத் தெம்பில் கூடுதலாக வேலை செய்தால் சாயங்காலம் மறுபடி வலி ஏறும்.

இந்தக் காலைப் பிடிப்பு எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்பது மருத்துவருக்கு மிக முக்கியமான தகவல். வயதால் வரும் மூட்டுத் தேய்மானத்திலும் காலையில் பிடிப்பு உண்டு. ஆனால் அது பொதுவாக அரை மணிக்குள் விட்டுவிடும், நடக்க நடக்க வலி கூடும். அழற்சியால் வரும் பிடிப்பு ஒரு மணி நேரமும் அதற்கு மேலும் நீடிக்கும், நடமாட்டத்தில் குறையும். வலி எவ்வளவு என்று சொல்வது ஆளுக்கு ஆள் மாறும். எத்தனை மணிக்கு எழுந்தார், எத்தனை மணிக்கு விரல் முழுதாக மடங்கியது என்பது அவ்வளவாக மாறாது.

வீக்கத்தையும் வீட்டிலேயே பார்க்கலாம். கையை முஷ்டியாக மடக்கினால் விரல் அடிக்கணுக்கள் நான்கும் மேடாகத் தெரிந்து, அவற்றுக்கு இடையே பள்ளம் விழ வேண்டும். அந்தப் பள்ளங்கள் நிரம்பித் தட்டையாக இருந்தால் அங்கே வீக்கம் இருக்கிறது என்று கொள்ளலாம். அடுத்தவர் அந்தக் கணுக்களைப் பக்கவாட்டில், கைகுலுக்குவதுபோல மெல்ல அழுத்தும்போது நோயாளி முகம் சுளித்தால் அது அழற்சிக்கான இன்னொரு அறிகுறி. வெறும் வலியையும் வீக்கத்தோடு கூடிய வலியையும் பிரித்துப் பார்ப்பதில் பாதி முடிவு அடங்கியிருக்கிறது.

மூன்று வாரம், மூன்று மாதம்

மருத்துவர்கள் இந்த நோயை மூன்று கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து 21 நாள் வரை முதல் கட்டம். அங்கிருந்து மூன்றாம் மாத இறுதி வரை இரண்டாம் கட்டம். அதையும் தாண்டினால் நாள்பட்ட கட்டம். நோயாளிகள் நாளை எண்ணத் தொடங்குவது பெரும்பாலும் காய்ச்சல் விட்ட நாளிலிருந்து. எண்ண வேண்டியது காய்ச்சல் வந்த நாளிலிருந்து. அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்தால் பின்னால் எல்லா முடிவுக்கும் அது உதவும்.

முதல் மூன்று வாரத்தில் வலியும் வீக்கமும் காலைப் பிடிப்பும் இருப்பது எதிர்பார்த்ததே. பலருக்கு இரண்டாவது வாரத்தில் உடம்பு தேறுவதுபோல இருந்து, மூன்றாவது வாரத்தில் வலி மறுபடி எழும்பும். காய்ச்சல் திரும்பி வராதவரை இதைக் கண்டு மிரள வேண்டியதில்லை. இரண்டாம் கட்டத்தில் வலி நேர்க்கோட்டில் இறங்குவதில்லை. நான்கு நாள் நன்றாக இருக்கும், இரண்டு நாள் படுத்தும். நேற்றையும் இன்றையும் ஒப்பிட்டால் ஏமாற்றமே மிஞ்சும். இந்த வாரத்தையும் இரண்டு வாரத்துக்கு முந்தைய வாரத்தையும் ஒப்பிட வேண்டும். மோசமான நாட்களின் எண்ணிக்கை குறைகிறதா, காலைப் பிடிப்பின் நேரம் சுருங்குகிறதா, வலிக்கும் மூட்டுகள் குறைகின்றனவா என்று பார்த்தால் போக்கு தெரிந்துவிடும். அது இறங்குமுகமாக இருந்தால், இறங்கும் வேகம் எவ்வளவு மெதுவாக இருந்தாலும், நோய் போக வேண்டிய வழியில்தான் போகிறது.

பாதிக்கு மேற்பட்டவர்கள் மூன்று மாதத்துக்குள் தேறிவிடுகிறார்கள். மீதிப் பேருக்கு வலி அதற்கு மேலும் இழுக்கிறது. எத்தனை பேருக்கு என்பது ஆய்வுக்கு ஆய்வு மாறினாலும், கால் பங்கிலிருந்து நாற்பது விழுக்காடு வரை என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு வருடம் ஆகும்போது இந்த எண்ணிக்கை மேலும் வெகுவாகக் குறைந்திருக்கும். நாற்பது, நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள், பெண்கள், முதல் வாரத்திலேயே பல மூட்டுகளில் கடும் வலி கண்டவர்கள், ஏற்கெனவே மூட்டுக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கு இழுக்கும் வாய்ப்பு கூடுதல். குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் பொதுவாக விரைவில் விடும். ஒரே வீட்டில் ஒரே வாரத்தில் காய்ச்சல் வந்தும், மகன் பத்தாம் நாள் பந்து விளையாடப் போவதும், அம்மா இரண்டாம் மாதத்திலும் படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்குவதும் இதனால்தான். அம்மா உடம்பைப் பெரிதுபடுத்துகிறார் என்று அந்த வீட்டில் யாராவது நினைத்தால் அது அநியாயம்.

கிருமி போன பிறகும் வலி ஏன்

ரத்தத்தில் இந்த வைரஸ் ஏறக்குறைய ஒரு வாரம்தான் இருக்கிறது. அந்த ஒரு வாரத்தில் நோயாளியைக் கடிக்கும் கொசு மற்றவருக்கு நோயைக் கொண்டுபோகும். அதன் பிறகு, வலி எத்தனை மாதம் நீடித்தாலும், அவரால் யாருக்கும் தொற்று இல்லை. ரத்தத்தை விட்டு வைரஸ் போவதற்குள் மூட்டுகளின் உள்ளுறையிலும் தசைகளிலும் அது புகுந்துவிட்டிருக்கும். அதை விரட்ட நோயெதிர்ப்பு அணுக்கள் அங்கே திரளும். அவை சுரக்கும் பொருட்களால் மூட்டின் உள்ளுறை தடித்து, நீர் கோத்து, வீங்கும். வலி இந்த அழற்சியிலிருந்து வருகிறது.

சண்டை ஏன் சிலருக்கு மாதக்கணக்கில் ஓயாமல் இருக்கிறது என்பதற்கு இரண்டு பக்கமும் சான்று உண்டு. ரெயூனியனில் நாள்பட்ட வலியுள்ள ஒரு நோயாளியின் மூட்டு உறையை எடுத்துப் பார்த்தபோது, காய்ச்சல் வந்து ஒன்றரை வருடம் ஆகியும் வைரஸின் எச்சங்கள் நோயெதிர்ப்பு அணுக்களுக்குள் இருந்தன. ஆனால் கொலம்பியாவில், காய்ச்சல் வந்து ஏறக்குறைய இரண்டு வருடம் ஆன முப்பத்தெட்டுப் பேரின் மூட்டு நீரைச் சோதித்தபோது ஒருவரிடமும் வைரஸ் கிடைக்கவில்லை. எச்சம் தங்குவதும், எச்சம் போன பிறகும் எதிர்ப்பு அடங்காமல் இருப்பதும் இரண்டுமே காரணமாக இருக்கலாம். எப்படியானாலும், உயிரோடு பெருகும் கிருமியின் வேலை அல்ல அது. ஆகவே ஆன்டிபயாடிக் மாத்திரைக்கோ ஊசிக்கோ இந்த வலியில் எந்த வேலையும் இல்லை.

திரும்பத் திரும்ப ரத்தப் பரிசோதனை செய்வதும் இதே காரணத்தால் வீண். சிக்குன்குனியாவுக்கான ஐஜிஎம் சோதனை காய்ச்சல் வந்து ஐந்தாறு நாளுக்குப் பின் பாசிட்டிவ் ஆகும். வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட அப்படியே காட்டும். ஐஜிஜி ஆண்டுக்கணக்கில் பாசிட்டிவாகவே இருக்கும். இரண்டாம் மாதத்தில் சோதித்து "இன்னும் பாசிட்டிவ்" என்று அறிக்கை வந்தால் நோய் இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருளல்ல. வலி எப்போது போகும் என்பதை அந்தச் சோதனையால் சொல்ல முடியாது.

மாத்திரை

காய்ச்சல் நாட்களில் பாராசிட்டமால் ஒன்றே பாதுகாப்பானது. பெரியவர்களுக்கு 650 மில்லிகிராம் மாத்திரை, ஆறு மணி நேர இடைவெளியில், நாளொன்றுக்கு நான்கு வரை. மருத்துவர் சொல்லாமல் மொத்தம் 3 கிராமைத் தாண்டக் கூடாது. கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் அளவு இதைவிடக் குறைவு. சளி மாத்திரை, உடம்புவலி மாத்திரை என்று வேறு பெயரில் வாங்குவதிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும் என்பதால் அட்டையைப் படித்துக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் போன்றவை அந்த நாட்களில் ஆகாது. காரணம் சிக்குன்குனியா அல்ல, டெங்கு. இரண்டையும் பரப்புவது ஒரே கொசு, இரண்டும் ஒரே பருவத்தில் வரும், இரண்டும் ஒரே ஆளுக்குச் சேர்ந்தும் வரலாம். டெங்குவில் தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது இந்த மாத்திரைகள் ரத்தக்கசிவைத் தூண்டும். டெங்கு இல்லை என்று தெரிந்து, காய்ச்சலும் விட்ட பிறகே இவற்றைத் தொடலாம்.

அந்தக் கட்டம் தாண்டியதும் நிலைமை மாறுகிறது. இரண்டாவது, மூன்றாவது வாரத்துக்குப் பிறகும் வீக்கமும் பிடிப்பும் இருந்தால் நாப்ரோக்சன் போன்ற அழற்சி குறைக்கும் மாத்திரைகளை மருத்துவர் தருவார். இவற்றை வலிக்கும்போது ஒன்று என்று போடுவதைவிட, சொன்ன நாட்களுக்கு ஒழுங்காகச் சாப்பாட்டுக்குப் பின் போடும்போதுதான் அழற்சி அடங்கும். இரண்டு விதமான அழற்சி மாத்திரைகளைச் சேர்த்துப் போட்டால் பலன் கூடாது, வயிற்றுப்புண்ணும் சிறுநீரகக் கேடும்தான் கூடும். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், இதய நோய் இருப்பவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், கர்ப்பிணிகளும் இவற்றைத் தாமாக வாங்கவே கூடாது.

ஸ்டீராய்டைப் பற்றி நேராகச் சொல்லியாக வேண்டும். மெடிக்கலில் உதிரியாகக் காகிதத்தில் மடித்துத் தரும் 'செட்' மாத்திரையிலும், ஒரே நாளில் எழுந்து நடக்க வைக்கும் ஊசியிலும் பெரும்பாலும் இருப்பது இதுதான். போட்ட அன்று அற்புதமாக இருக்கும். மருந்து தீர்ந்ததும் வலி முன்பைவிட மோசமாகத் திரும்பும். மறுபடி ஒரு செட், மறுபடி ஓர் ஊசி. இப்படி வாரக்கணக்கில் ஓடினால் சர்க்கரை ஏறும், ரத்த அழுத்தம் ஏறும், முகம் உப்பும், எலும்பு பலமிழக்கும். உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு குறைந்துபோவதால், அந்த நிலையில் மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. ஸ்டீராய்டுக்கு இந்த நோயில் இடமே இல்லை என்பதல்ல. அழற்சி மாத்திரைக்கு அடங்காத வீக்கத்துக்கு, மூன்று வாரத்துக்குப் பிறகு, பிரெட்னிசலோனைக் குறைந்த அளவில் சில நாட்கள் தந்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது ஏற்கப்பட்ட சிகிச்சையே. பெயர் தெரிந்த மாத்திரை, எழுதிய அளவு, நிறுத்தும் தேதி ஆகிய மூன்றும் நோயாளியின் கையில் இருக்க வேண்டும்.

குளோரோகுயினையும் பலர் கேட்கிறார்கள். ரெயூனியனில் காய்ச்சல் கட்டத்தில் கொடுத்துச் சோதித்தார்கள். காய்ச்சலையோ வலியையோ அது குறைக்கவில்லை.

அசைவும் ஓய்வும்

படுத்தே கிடந்தால் மூட்டு இறுகும், தசை வற்றும். மூட்டு வீங்கியிருக்கும்போது பாரம் தூக்கினால் வீக்கம் கூடும். இரண்டுக்கும் நடுவில் செல்ல வேண்டும். மூட்டில் பாரம் ஏற்றாமல் முழு அளவுக்கு அசைப்பதுதான் வழி. காலையில் படுக்கையிலேயே, எழுவதற்கு முன், கணுக்காலை மேலும் கீழும் பத்து முறை, வட்டமாகப் பத்து முறை அசைக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீர் பாத்திரத்தில் கைகளை அமிழ்த்தி, உள்ளேயே விரல்களை மெல்ல மடக்கி நீட்டலாம். மூட்டு தொட்டால் சூடாக, வீங்கி இருந்தால் துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம். சூடு இல்லாமல் பிடிப்பு மட்டும் இருந்தால் வெந்நீர் ஒத்தடம். பயிற்சிக்குப் பிறகு ஏறும் வலி இரண்டு மணி நேரத்துக்கு மேலும் நின்றால் அன்றைய அளவு அதிகம் என்று கொண்டு மறுநாள் குறைக்க வேண்டும்.

தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைப்பதைவிட இரண்டு சிறு வாளிகளாகப் பிரித்து எடுப்பது, தரையில் உட்காராமல் நாற்காலியில் உட்கார்ந்து காய் நறுக்குவது, வீட்டுக்குள்ளும் மென்மையான செருப்பு போடுவது ஆகியவை சின்ன விஷயங்கள்தான். இரண்டு மாதம் ஓட்டுவதற்கு இவை மாத்திரைக்கு நிகராக உதவும். நன்றாக இருக்கும் நாளில் தேங்கிய வேலை எல்லாவற்றையும் முடித்துவிடுவது வேண்டாம். அடுத்த இரண்டு நாள் அதற்கு விலை கொடுக்க நேரும்.

நிலவேம்புக் குடிநீரும் கசாயங்களும் தமிழ்நாட்டில் காய்ச்சல் காலத்தில் பரவலாகக் குடிக்கப்படுகின்றன. நீடிக்கும் மூட்டுவலியை அவை குறைக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. எந்த மருந்து எடுத்தாலும், எல்லாவற்றையும் ஒரே மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது. கலந்திருப்பது என்ன என்று தெரியாத பொடிகளைத் தவிர்ப்பது அதைவிட நல்லது. அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்த நிகழ்வுகள் உண்டு.

ஒரு நோயாளியின் மூன்று மாதம்

இந்த நோய் வழக்கமாகப் போகும் வழியைக் காட்ட ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்ளலாம். நாற்பத்தாறு வயதுப் பெண், தையல் வேலை, சர்க்கரை உண்டு. ஐந்து நாள் காய்ச்சல், மூன்றாம் நாளில் தோலில் சிவந்த தடிப்பு. டெங்கு சோதனை நெகட்டிவ், சிக்குன்குனியா பாசிட்டிவ். பாராசிட்டமாலில் காய்ச்சல் விட்டது. இருபதாம் நாள் கத்தரிக்கோலைப் பிடிக்க முடியவில்லை, காலைப் பிடிப்பு ஒன்றரை மணி நேரம். தெரிந்தவர் சொல்லி வாங்கிய செட் மாத்திரை நான்கு நாளில் எல்லாவற்றையும் போக்கியது. மாத்திரை தீர்ந்த மூன்றாம் நாள் இரண்டு மணிக்கட்டும் வீங்கி, வெறும் வயிற்றுச் சர்க்கரை 140-லிருந்து 260-க்குப் போயிருந்தது.

ஐந்தாவது வாரம் மருத்துவரிடம் வந்தார். இரண்டு மணிக்கட்டு, நான்கு விரல் கணு, இரண்டு கணுக்கால் என எட்டு இடத்தில் வீக்கம் இருந்தது. இரவில் கட்டைவிரலும் அடுத்த இரு விரல்களும் மரத்துப்போய் எழுப்பின. மணிக்கட்டின் உள்பக்கம் வீங்கிய தசைநாண்கள் அங்கே ஓடும் நரம்பை நெருக்கியதுதான் காரணம். இஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் சற்றுக் கூடுதல். சிறுநீரகச் சோதனை சரியாக இருந்ததால் நாப்ரோக்சன் இரண்டு வாரம், வயிற்றுக்குப் பாதுகாப்பு மாத்திரையோடு. சர்க்கரை காரணமாக ஸ்டீராய்டு தவிர்க்கப்பட்டது. இரவில் மணிக்கட்டை மடங்காமல் நிறுத்தும் பட்டை. தையல் எந்திரத்தில் அரை மணிக்கு ஒருமுறை இடைவெளி. ஏழாவது வாரம் காலைப் பிடிப்பு நாற்பது நிமிடமாகவும், பத்தாவது வாரம் பத்து நிமிடமாகவும் இறங்கியது. இரவு மரப்பு நின்றது. பன்னிரண்டாவது வாரம் வீக்கம் எங்கும் இல்லை, நீண்ட நேரம் தைத்தால் மட்டும் மணிக்கட்டில் வலி. இவருக்கு அதற்கு மேல் மருந்து தேவைப்படவில்லை.

பன்னிரண்டாவது வாரத்திலும் வீக்கம் அப்படியே இருந்திருந்தால் கதை வேறு.

மருத்துவரிடம் எப்போது

சில அறிகுறிகளுக்கு நாளை எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது, அன்றே போக வேண்டும். விட்ட காய்ச்சல் திரும்பி வருவது முதலாவது. ஒரே ஒரு மூட்டு மட்டும் சிவந்து, கொதித்து, தொடவே விடாமல் வீங்குவது இரண்டாவது. சிக்குன்குனியா பல மூட்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் நோய்; ஒற்றை மூட்டு இப்படி ஆனால் மூட்டுக்குள் பாக்டீரியா சீழ் பிடித்திருக்கலாம். அதைச் சில நாட்கள் விட்டால் மூட்டு நிரந்தரமாகப் பாழாகும். யூரிக் அமிலத்தால் வரும் கௌட் நோயும் இப்படித் தோன்றலாம். மூட்டு நீரை எடுத்துப் பார்த்துத்தான் பிரிக்க முடியும். கால்களில் தொடங்கி மேலேறும் பலவீனம், கண் சிவந்து வலித்துப் பார்வை மங்குவது, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, வலி மாத்திரை சாப்பிடும்போது மலம் கறுப்பாகப் போவது, சிறுநீர் வெகுவாகக் குறைவது ஆகியவையும் அதே பட்டியலில் சேரும்.

இப்படி எதுவும் இல்லாதவர்களுக்கு முதல் மறுபார்வை மூன்றாவது வார இறுதியில். வலி இறங்குமுகமாக இருந்தால் அந்தப் பயணம் தேவையில்லை. வீக்கம் தெளிவாக இருந்தாலோ, காலைப் பிடிப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றாலோ, வேலைக்குப் போக முடியாவிட்டாலோ, விரல்கள் மரத்தாலோ போக வேண்டும். ஆறு வாரம் ஆகியும் வீக்கம் குறையவில்லை என்றால் இன்னொரு கேள்வி எழும்: இது சிக்குன்குனியாவின் தொடர்ச்சியா, அல்லது காய்ச்சலையொட்டி வெளிப்பட்ட முடக்குவாதமா? இரண்டும் ஒரே மூட்டுகளை, ஒரே மாதிரி, இரண்டு பக்கமும் பிடிப்பதால் பார்த்த மாத்திரத்தில் பிரிப்பது கடினம். ருமட்டாய்டு காரணி என்ற சோதனை சிக்குன்குனியாவிலும் லேசாகப் பாசிட்டிவ் காட்டலாம், அதை வைத்து மட்டும் முடக்குவாதம் என்று முத்திரை குத்தக் கூடாது. ஆன்டி-சிசிபி சோதனை உயர்ந்த அளவில் பாசிட்டிவாக இருந்தால் முடக்குவாதத்தின் பக்கம் தராசு சாயும்.

மூன்று மாதம் ஆகியும் வீக்கமோ நீண்ட காலைப் பிடிப்போ இருந்தால் மூட்டுவாத நிபுணரைப் பார்க்க வேண்டும். மூட்டுவலி என்றதும் எலும்பு அறுவை மருத்துவரைத் தேடுவது வழக்கம். இந்த நோய்க்கு உரியவர் ருமட்டாலஜிஸ்ட். பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் சிலவற்றில் இந்தப் பிரிவு உண்டு. காய்ச்சல் தொடங்கிய தேதி, பழைய சோதனைத் தாள்கள், இதுவரை போட்ட மாத்திரைகளின் அட்டைகள், ஒரு வாரத்துக்குக் காலைப் பிடிப்பு எத்தனை நிமிடம் என்று எழுதிய தாள் ஆகியவற்றைக் கொண்டுபோனால் முதல் சந்திப்பிலேயே பாதி வேலை முடியும். வீக்கம் இல்லாமல் வலியும் அசதியும் தூக்கமின்மையும் மட்டும் நீடிப்பவர்களுக்கு வேண்டியது வேறு வகைச் சிகிச்சை. பலமான அழற்சி மருந்துகள் அவர்களுக்கு உதவுவதில்லை. படிப்படியான உடற்பயிற்சியும் தூக்கத்தைச் சரிசெய்வதும் உதவும்.

அழற்சி அடங்காதவர்களுக்கு மெத்தோட்ரெக்சேட், ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் போன்ற மருந்துகள் முடக்குவாதத்தில் பயன்படும் முறையிலேயே தரப்படுகின்றன. இவை வலி மாத்திரைகள் அல்ல. பலன் தெரியவே நான்கிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும் என்பதால், இரண்டு வாரத்தில் கேட்கவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. மெத்தோட்ரெக்சேட்டை வாரத்துக்கு ஒரே நாள்தான் போட வேண்டும். தினமும் போடும் மாத்திரை என்று தவறாக எண்ணிப் போட்டால் ரத்த அணுக்கள் உற்பத்தியாவதே நின்று உயிருக்கு ஆபத்தாகும். எந்தக் கிழமை என்பதை அட்டையிலேயே எழுதி வைத்து, வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவைக்க வேண்டும். ஃபோலிக் அமில மாத்திரையும், குறித்த இடைவெளியில் ரத்த அணு, கல்லீரல் சோதனைகளும் இதோடு கட்டாயம். கர்ப்பிணிகளுக்கும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களுக்கும் இந்த மருந்து ஆகாது.

ஒருமுறை வந்த சிக்குன்குனியா நீண்ட காலத்துக்கு எதிர்ப்புச் சக்தியைத் தந்துவிடுகிறது. ஆகவே ஆறு மாதம் கழித்து, காய்ச்சல் இல்லாமல், பழைய மூட்டுகளில் சில நாள் வலி எழுந்தால் அது மறுபடி வந்த தொற்று அல்ல, பழைய அழற்சியின் கிளர்ச்சி. அதிக வேலையோ வேறொரு சளிக்காய்ச்சலோ அதைத் தூண்டலாம். அப்போதும் பார்க்க வேண்டியது வீக்கத்தையும் காலைப் பிடிப்பையும்தான். சில நாளில் அடங்கினால் விட்டுவிடலாம். இரண்டு வாரத்தைத் தாண்டினால், அல்லது அடிக்கடி வந்தால், பழைய சோதனைத் தாள்களோடு அதே மருத்துவரிடம் திரும்ப வேண்டும்.